அழிப்பதற்கு முன் ஒரு பட்டியல்

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஒரு காலை எனக்கு வந்த மின்னஞ்சலின் தலைப்பு, “என் ரெஸ்யூமை நீக்கக் கோருகிறேன்” என்பது. ஆட்சேர்ப்புத் தொழிலில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. பெரும்பாலும் அவை கோபத்தில் எழுதிய இரண்டு வரிகளாக இருக்கும். என் தகவல்கள் அனைத்தையும் உடனே நீக்குங்கள், இல்லாவிட்டால் வழக்குத் தொடுப்பேன் என்று முடியும். நானும் “நீக்கிவிட்டோம், நன்றி” என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இந்தக் கடிதத்துக்கு அப்படிப் பதில் எழுத முடியவில்லை. எழுதியவரின் அனுமதியோடு அதன் முக்கியப் பகுதியை, அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றிவிட்டு, இங்கே தருகிறேன்.

“மார்ச் 4 அன்று நீங்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி, ஒரு பணியிடத்துக்காக என் ரெஸ்யூமை உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அந்த ஒரு பணியிடத்துக்கு மட்டுமே சம்மதம் சொன்னேன். மார்ச் 9 முதல் எனக்கு அறிமுகமில்லாத பதினொரு பேர் அழைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், ரெக்ரூட்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தது என்று சொல்லி, அந்தக் கோப்பை எனக்கே அனுப்பிவைத்தார். அது உங்களுக்கு மட்டும் அனுப்பிய படி. அதில்தான் இரண்டாவது பணித்திட்டத்தின் காலத்தை ‘14 மாதங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். வேறு எவருக்கு அனுப்பிய படியிலும் அப்படி எழுதவில்லை.

“மூன்று காரியங்களைக் கேட்கிறேன், இதே வரிசையில். முதலில், எந்தெந்தக் குழுக்களில், எந்தத் தேதிகளில் பகிர்ந்தீர்கள், யாருக்கெல்லாம் தனியாக அனுப்பினீர்கள் என்பதை எழுதித் தாருங்கள். அதன்பின் அவர்களிடம் நீக்கச் சொல்லுங்கள். கடைசியாக உங்களிடம் இருக்கும் படிகளை நீக்குங்கள். நான் இன்னும் இப்போதைய வேலையில்தான் இருக்கிறேன். எங்கள் மனிதவளத் துறையில் ஒருவர் நேற்று என்னைத் தனியே அழைத்து, வேறு இடம் தேடுகிறீர்களா என்று கேட்டார்.”

குற்றச்சாட்டு முழுவதும் உண்மை. அவர் விண்ணப்பித்த பணியிடத்தை வாடிக்கையாளர் நிறுவனம் இரண்டே நாளில் நிறுத்திவைத்துவிட்டது. கையில் நல்ல ரெஸ்யூம் இருக்கிறது, கொடுக்க இடமில்லை. இந்த நிலையில் எங்கள் தொழிலில் பலரும் செய்வதையே நானும் மார்ச் 6 அன்று செய்தேன்: தொழில்நுட்பம், அனுபவ ஆண்டுகள், நோட்டீஸ் காலம், எதிர்பார்க்கும் சம்பளம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி, கோப்பை இணைத்து, மூன்று குழுக்களில் போட்டேன். அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் வெவ்வேறு ஏஜென்சிகளைச் சேர்ந்த ரெக்ரூட்டர்கள். ஒருவரிடம் ஆள் இருக்கும், இன்னொருவரிடம் இடம் இருக்கும். சேர்த்து வைத்தால் கட்டணத்தில் பாதிப்பாதி. தவறான எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை என்றுதான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வேலை தேடுகிறவருக்கும் நல்லதுதானே, அவருடைய ரெஸ்யூம் நூறு பேர் கண்ணில் படுகிறதே என்பது நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் சமாதானம். அந்த நூறு பேரில் அவருடைய மேலாளருக்குத் தெரிந்தவர் இருக்கக்கூடும் என்ற எண்ணம், கோப்பை இணைக்கும் அந்தச் சில நொடிகளில் எழுவதே இல்லை.

கடிதத்தைப் படித்தவுடன் என் கை தொலைபேசியைத்தான் எடுத்தது. மூன்று குழுக்களையும் திறந்து செய்தியை அழித்துவிட வேண்டும் என்ற பதற்றம். முதல் குழுவில் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்தபோது, “எனக்கு மட்டும் நீக்கு” என்ற ஒரே வழிதான் இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் தன் செய்தியை எல்லோருக்குமாக நீக்குவதற்குத் தரப்படும் காலம் இரண்டு நாளுக்குச் சற்று அதிகம். நான் பகிர்ந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. எனக்கு மட்டும் நீக்கினால் என் திரையிலிருந்து மறையும், மற்ற அத்தனை பேரின் திரையிலும் அப்படியே இருக்கும். அழுத்தப் போன விரலை நிறுத்தியது “இதே வரிசையில்” என்று அவர் எழுதியிருந்த சொற்கள்தான். ஏன் இந்த வரிசை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குழுவில் நாம் அனுப்பிய ஒரு செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் தகவலைத் திறந்தால், அது யார் யாருக்குச் சென்று சேர்ந்தது, யார் யார் படித்தார்கள் என்ற பட்டியல் நேரத்தோடு வரும். தனி உரையாடல்களில் படித்ததற்கான நீலக் குறியை அணைத்து வைத்திருப்பவர்கள்கூட, குழுக்களில் அதை மறைக்க முடியாது. ஆகவே நான் போட்ட அந்தச் செய்தியைப் படித்தவர்கள் யாரென்ற பெயர்ப் பட்டியல் என் தொலைபேசியிலேயே இருந்தது, அந்தச் செய்தி என்னிடம் இருக்கும்வரை. நான் அதை எனக்கு மட்டும் நீக்கியிருந்தால் கோப்பு எங்கும் அழிந்திருக்காது. யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் ஒரே சான்றுதான் அழிந்திருக்கும். நீக்கிவிட்டோம் என்று முன்பு நான் பதில் எழுதிய ஒவ்வொரு முறையும் உண்மையில் நடந்தது இதுவே. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்று பட்டியல்களையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துக்கொண்டேன். மூன்று குழுக்களிலும் சேர்த்துச் சில நூறு உறுப்பினர்கள். படித்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவு. படித்தவர்கள் எல்லோரும் கோப்பைத் திறந்தார்கள் என்று சொல்ல முடியாது, அந்தப் பட்டியல் அவ்வளவு தூரம் காட்டாது. ஆனால் “ப்ரொஃபைல் கிடைக்குமா”, “இன்னும் இருக்கிறாரா” என்று எனக்குத் தனியாக எழுதியவர்கள் ஒன்பது பேர். அவர்கள் நிச்சயமாகத் திறந்தவர்கள். அவர்களில் நான்கு பேருக்கு நானே மறுபடியும் கோப்பை அனுப்பியிருந்தேன் என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். அப்படி அனுப்பிய ஒவ்வொன்றும் தனிச் செய்தி. குழுவில் இருக்கும் மூலச் செய்தியை என்ன செய்தாலும், வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட படிக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்த இரண்டு நாட்கள் கடிதம் எழுதுவதில் கழிந்தன. குழுக்களில் பழைய செய்தியையே மேற்கோளாக இணைத்து, இந்த ரெஸ்யூம் உரியவரின் சம்மதம் இல்லாமல் என்னால் பகிரப்பட்டது, யாரும் பயன்படுத்த வேண்டாம், தரவிறக்கியவர்கள் தங்கள் தொலைபேசியிலும் கணினியிலும் நிறுவன மென்பொருளிலும் நீக்கிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று போட்டேன். அவருடைய பெயரை அந்தச் செய்தியில் மறுபடி எழுதாமல் இருப்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். பெயரைக் குறிப்பிட்டு நீக்கச் சொன்னால், அதுவரை கண்டுகொள்ளாதவர்களும் மேலே போய்த் தேடிப் பார்ப்பார்கள். ஒன்பது பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டேன்: இதை வேறு யாருக்காவது அனுப்பினீர்களா, உங்கள் நிறுவனத்தின் விண்ணப்ப மென்பொருளில் ஏற்றினீர்களா, ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு இவரை முன்மொழிந்தீர்களா. மூன்றாவது கேள்விதான் முக்கியமானது என்பதை ஒரு பதில் வந்தபின் உணர்ந்தேன்.

ஒருவர், ஆம், முன்மொழிந்தேன் என்று எழுதினார். அவர் சொன்ன நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ரெஸ்யூமுக்கு உரியவரிடம் கேட்டேன். அதே நிறுவனத்துக்கு அவர் தம் நண்பர் மூலமாக, மார்ச் 17 அன்று நேரடியாக விண்ணப்பித்திருந்தார். பதில் வராமல் காத்திருந்தார். பதில் வராததன் காரணம் இப்போது எங்களுக்குத் தெரிந்தது.

வேலை தேடுகிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் விண்ணப்ப மென்பொருளில் ஒருவரை அடையாளம் காண்பது பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வைத்துத்தான். அதே முகவரியோடு இரண்டாவது விண்ணப்பம் வந்தால் அது இரட்டைப் பதிவு என்று குறிக்கப்படும். முதலில் பதிவேற்றிய ஏஜென்சிக்கே அவர் உரியவர் என்று ஒப்பந்தங்களில் இருக்கும். அந்த உரிமை குறிப்பிட்ட சில மாதங்கள் செல்லும், ஆறு மாதமோ ஓராண்டோ என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இரண்டு ஏஜென்சிகள் ஒரே ஆளுக்கு உரிமை கொண்டாடினால், அல்லது ஏஜென்சி ஏற்கெனவே பதிந்த ஆள் நேரடியாகவும் விண்ணப்பித்தால், யாருக்குக் கட்டணம் என்ற சண்டை வரும். அந்தச் சண்டையில் இறங்க விரும்பாத நிறுவனம் சத்தமில்லாமல் அந்த விண்ணப்பத்தையே ஓரமாக வைத்துவிடும். விண்ணப்பித்தவருக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். தகுதியில் குறையோ, நேர்காணலில் தவறோ என்று அவர் தம்மையே நொந்துகொண்டிருப்பார்.

ஒழுங்காக வேலை செய்கிற ஏஜென்சி, எந்த நிறுவனத்துக்கும் ஒருவரை முன்மொழிவதற்கு முன், இந்த நிறுவனத்தில் இந்தப் பணியிடத்துக்கு என்னை நீங்கள் முன்மொழியலாம் என்று அவரிடமிருந்து மின்னஞ்சலில் ஒரு வரி வாங்கிக்கொள்ளும். குழுக்களில் சுற்றும் ரெஸ்யூமுக்கு அந்த ஒரு வரி இருப்பதில்லை. முந்திக்கொண்டு பதிந்துவிடுவோம், ஆளை அப்புறம் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்பதே அங்கே வேலை நடக்கும் விதம். எனக்குப் பதில் எழுதியவர் அவரை மார்ச் 10 அன்று பதிந்திருக்கிறார். அவருடன் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

இந்த இடத்தில்தான் அவர் கேட்ட பட்டியல் வெறும் மனநிறைவுக்கானது அல்ல என்பது தெளிவாயிற்று. இரட்டைப் பதிவை நீக்கச் சொல்லி அவர் அந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டுமானால், அந்த ஏஜென்சிக்குத் தாம் சம்மதம் தரவில்லை என்பதைக் காட்ட வேண்டும். இல்லாத சம்மதத்தை எப்படிக் காட்டுவது? ரெஸ்யூம் அவர்களுக்கு எந்த வழியாகப் போனது என்பதைப் பகிர்ந்தவரே எழுத்தில் ஒப்புக்கொண்டால் காட்டலாம். மார்ச் 6 அன்று, இன்ன குழுவில், உரியவரின் சம்மதமின்றி நான் பகிர்ந்தேன் என்ற என் கடிதமே அவருக்கு ஆவணமாயிற்று. அந்த ஏஜென்சி ரெக்ரூட்டரும் தம் பதிவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதித் தந்தார், அந்த நேர்மைக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். முதல் நாளே பதற்றத்தில் எல்லாவற்றையும் துடைத்திருந்தால் அந்தப் பெயரும் தேதியும் எனக்குக் கிடைத்திருக்கவே கிடைத்திராது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, தன் தகவலை நீக்கச் சொல்லும் உரிமையைப் பற்றியது. எல்லோரும் கேள்விப்பட்டிருப்பது இதுதான். அவ்வளவாகப் பேசப்படாத 19ஆம் பிரிவு, தகவலை யாருக்கெல்லாம் தந்தோமோ அவர்கள் ஒவ்வொருவருக்கும் நீக்கச் செய்தியைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அது இயலாததாகவோ அளவுக்கு மீறிய உழைப்பைக் கோருவதாகவோ இருந்தால் மட்டும் விலக்கு. உரியவர் கேட்டால் அந்தப் பெறுநர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பதிலளிக்க ஒரு மாத காலம். இந்தச் சட்டம் செல்லாத இடங்களிலும், ஒரு கோரிக்கையை முழுமையாக நிறைவேற்றுவது என்றால் என்ன என்பதற்கு அந்தப் பிரிவைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பகிர்ந்தவனுடைய பொறுப்பு அவனுடைய கணினியோடு முடிந்துவிடுவதில்லை.

பிறகு என்னிடமே இருந்த படிகளுக்கு வந்தேன். ஒரு கோப்புதானே என்று உட்கார்ந்தேன், எட்டு இடங்களில் இருந்தது. மின்னஞ்சலின் இணைப்பு ஒன்று. கணினியின் தரவிறக்கக் கோப்புறையில் ஒன்று. எங்கள் விண்ணப்ப மென்பொருளில் கோப்பாக ஒன்று. அந்தக் கோப்பைப் படித்து மென்பொருள் தானாக நிரப்பிய பெயர், எண், சம்பளம், நிறுவனம் ஆகியவை தனிப் பதிவாக இன்னொன்று. வாராந்திர எக்செல் தாளில் ஒரு வரி. தொலைபேசியில், வாட்ஸ்அப் அனுப்பிய ஆவணங்களைச் சேமித்து வைக்கும் கோப்புறையில் ஒன்று. உரையாடல்களின் மேகச் சேமிப்பில் ஒன்று. எங்கள் ஏஜென்சியின் பெயர் பொறித்து, அவருடைய எண்ணை எடுத்துவிட்டு நாங்களே தயாரித்த படி ஒன்று.

இவற்றில் இரண்டு இடங்களில் தடுமாறினேன். மென்பொருளில் அவருடைய பதிவைத் திறந்து நிலையைச் “செயலற்றவர்” என்று மாற்றினால் பட்டியலிலிருந்து மறைகிறது. தேடினால் திரும்ப வருகிறது. அது நீக்கம் அல்ல. உண்மையில் நீக்குவதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டியிருந்தது, கோப்பையும் பதிவையும் தனித்தனியே நீக்க வேண்டியிருந்தது. இரண்டாவது சிக்கல் நேர்மாறானது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டால், அடுத்த வாரம் வேலைவாய்ப்புத் தளத்திலிருந்து நாங்கள் மொத்தமாக ரெஸ்யூம்களை இறக்கும்போது அவர் மறுபடியும் உள்ளே வந்துவிடுவார், என் உடன் பணிபுரிபவர் நல்லெண்ணத்தோடு அவரை அழைப்பார். ஆகவே அவருடைய மின்னஞ்சல் முகவரியை மட்டும் தொடர்புகொள்ளக் கூடாதவர்கள் பட்டியலில் வைத்திருக்க அவரிடமே அனுமதி கேட்டேன், கொடுத்தார். ஒன்றை மறப்பதற்காக ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை அவருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட்டதே நல்லதாயிற்று.

இடையில் எங்கள் அலுவலகத்தில் ஒருவர், அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொண்டுதான் நீக்க வேண்டும் என்று சொன்னார். நான் மறுத்துவிட்டேன். ரெஸ்யூமில் இருக்கும் அதே முகவரியிலிருந்துதான் கோரிக்கையும் வந்திருக்கிறது. ஒரு ஆவணத்தை நீக்கச் சொல்பவரிடம் அதைவிட அந்தரங்கமான இன்னொரு ஆவணத்தைக் கேட்பது எந்த வகையில் நியாயம்? முகவரி மாறியிருந்தால், ரெஸ்யூமில் உள்ள எண்ணுக்கு ஒருமுறை அழைத்து உறுதிசெய்துகொண்டால் போதும்.

ஏப்ரல் 2 அன்று அவருக்கு எழுதிய பதிலில், அவர் கேட்ட வரிசையிலேயே மூன்று பகுதிகள் இருந்தன. பகிர்ந்த குழுக்களும் தேதியும், தனியாக அனுப்பிய நான்கு பேரின் ஏஜென்சிப் பெயர்களும் முதல் பகுதி. இரண்டாவதில், ஒன்பது பேருக்கு எழுதியதில் ஆறு பேர் நீக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவர் பதிவைத் திரும்பப் பெறுகிறார், இருவரிடமிருந்து பதில் இல்லை என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். குழுவில் இருக்கும் மூலச் செய்தி மற்றவர்களின் தொலைபேசிகளில் இன்னும் இருக்கிறது என்பதையும், அதை இனி என்னால் திரும்பப் பெற முடியாது என்பதையும் மறைக்கவில்லை. மூன்றாவது பகுதியில் எட்டு இடங்களையும் பெயர் சொல்லி, நீக்கிய தேதியைக் குறித்தேன். மேகச் சேமிப்பின் பழைய நகல், அடுத்த நகல் எடுக்கப்படும்போதுதான் மாறும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். கடைசியில், இந்தக் கோப்பு வேறெங்காவது என் கண்ணில் பட்டால் உங்களுக்குத் தெரிவிப்பேன் என்று ஒரு வரி. அந்தக் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகே, குழுக்களிலிருந்த செய்திகளை என் தொலைபேசியில் நீக்கினேன்.

அவருடைய கடிதத்தை மறுபடி மறுபடி படித்துப் பார்த்திருக்கிறேன். அதில் மிரட்டல் இல்லை, சட்டப் பிரிவு எதுவும் இல்லை. நான் மறுக்க முடியாதபடி செய்தது அந்த “14 மாதங்கள்” என்ற சிறு வேறுபாடுதான். ஒவ்வொருவருக்கு அனுப்பும் படியிலும் பொருள் மாறாமல் ஒரே ஒரு சொற்றொடரை மட்டும் மாற்றி எழுதி, யாருக்கு எது என்று ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறார். கோப்பின் பெயரை மாற்றி வைப்பதைவிட இது உறுதியானது. கோப்பின் பெயரை நாங்கள் முதல் வேலையாக மாற்றிவிடுவோம், எண்ணையும் முகவரியையும்கூட எடுத்துவிடுவோம், பணித்திட்ட விவரத்தில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை.

ஜூன் மாதத்தில், நான் அதுவரை உறுப்பினராக இல்லாத ஒரு குழுவில் என்னை ஒருவர் சேர்த்தார். மறுநாள் அங்கே ஒரு ரெஸ்யூம் வந்தது. வேறொரு ஏஜென்சியின் பெயர் தலைப்பில் இருந்தது. ஆளின் பெயர் முதலெழுத்தாகச் சுருக்கப்பட்டிருந்தது, எண் இல்லை, மின்னஞ்சல் இல்லை. இரண்டாவது பக்கத்தில், இரண்டாவது பணித்திட்டத்துக்கு எதிரே, காலம் 14 மாதங்கள் என்று இருந்தது. போட்டவர், என் கடிதத்துக்குப் பதில் எழுதாத அந்த இருவரில் ஒருவர். செய்தி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அவரால் இன்னும் எல்லோருக்குமாக நீக்க முடியும். முதலில் அவரை அழைத்தேன். பிறகு அவருடைய ஏஜென்சியின் பெயரையும் தேதியையும் நேரத்தையும் எழுதி, ரெஸ்யூமுக்கு உரியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.